எங்க முதல் செயின்: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

2023 ஜூன்ல நானும் தங்கச்சியும் சேத்து வச்ச காசுல ஒரு தங்கச் செயின் வாங்குனோம். அன்னையிலேர்ந்து சொந்தக்காரங்க, தெருக்காரங்க, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதே கேள்வியத்தான் கேக்குறாங்க. வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

ரெண்டு சின்னப் புள்ளைங்க கையில அவ்ளோ காசு எப்படிம்மா வந்துச்சு?

கொரோனாவுக்கு அப்புறம் 2021 செப்டம்பர்ல காலேஜ் திறந்தாங்க. நாங்க இருக்குறது திருப்பரங்குன்றம் பக்கம், எனக்கு காலேஜ் மதுரைக்குள்ள. அப்பா காலைல லேத்துக்குக் கிளம்புறப்ப டிவி மேல 40 ரூபா வச்சுட்டுப் போவாரு, பஸ்ஸுக்கு 20, டீ வடைக்கு 20. ஆனா அந்த வருஷம் மே மாசத்துலேர்ந்தே சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆயிருச்சு. சோ பஸ் காசு அப்படியே மிச்சம், வடைய விட்டா அதுவும் மிச்சம். காலேஜ் இருந்த நாள் ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 380, அதுல 15,200 வந்துச்சு, பொங்கல் தீபாவளிக் காசு ஒரு 700 சேத்து என் பங்கு 15,900.

தங்கச்சி அப்ப ஸ்கூல், அவளுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபா. அவ 8,000 சேத்தா, அதுக்கு மேல பெரியப்பா, மாமா, பாட்டின்னு ஒருத்தர் விடாம கால்ல விழுந்து எந்திரிச்சு 1,250 வசூல் பண்ணா. ஆக 9,250. ரெண்டும் சேத்தா 25,150. ஹார்லிக்ஸ் பாட்டில்லதான் இருந்துச்சு, நிறைய பேர் பேங்க்ல போட்டீங்களான்னு கேக்குறாங்க, இல்ல.

அப்போ அப்பா குடுத்த பஸ் காசை ஏமாத்தி சேத்ததுன்னு சொல்லு!

இதக் கேக்குறது எங்க சித்தி மட்டும்தான், ஆனா பாக்குறப்பல்லாம் கேக்குறாங்க. அப்பா டெய்லி பேப்பர் படிக்கிற ஆளு, ஃப்ரீ பஸ் விஷயம் எனக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் 40 வச்சாரு. ஒரு நாள் கூட 20 வைக்கல. நானும் கேக்கல, அவரும் சொல்லல.

வாங்குறதுதான் வாங்குறீங்க, ஒரு பவுனா வாங்கியிருக்கலாம்ல? அதென்ன அரைப் பவுன்?

பவுன்னா 8 கிராம். எங்க பிளானே முதல்ல 5 கிராம்தான். சேக்க ஆரம்பிச்சப்ப 22 கேரட் கிராம் 4,400 பக்கம் இருந்துச்சு, அஞ்சு கிராம்னா 22,000, ஈஸியா எட்டிரலாம்னு நோட்டுல எழுதி வச்சிருந்தோம். நாங்க 20 ரூபா 20 ரூபாயா ஏற, அது பாட்டுக்கு அது ஏறிருச்சு. கடைக்குப் போன அன்னைக்கு போர்டுல 5,550. அஞ்சு கிராம் நாலு கிராம் ஆச்சு.

இன்னும் ஆறு மாசம் சேத்துட்டுப் போலாம்னு நான் சொன்னேன். தங்கச்சிதான், நாம ஆறு மாசம் சேக்குறதுக்குள்ள அது எங்கயோ போயிரும்க்கா, இப்பவே வா கிளம்புன்னா. 2025-ல கிராம் 10,000-ஐத் தாண்டுனப்ப வீட்டுக்குள்ள ஒரு வாரம் அவ நடந்த நடைய நீங்க பாக்கணும்.

போர்டுல 5,550னா நாலு கிராம் 22,200 தானே வரும்? 24,872 எதுக்குக் குடுத்தீங்க? ஏமாந்துட்டீங்களா?

ஏமாறல. போர்டு ரேட்டு தங்கத்துக்கு மட்டும். நகைன்னு வந்துட்டா அதுக்கு மேல சேதாரம், வரி, ஹால்மார்க் செலவுன்னு மூணு ஏறும். நாங்களும் இது தெரியாமத்தான் போனோம், கடைல ஒரு அண்ணன் பில்லு போடுற சீட்டுக்குப் பின்னாடி பேனாவால எழுதிக் காமிச்சாரு.

எங்க செயின் எடை 4.020 கிராம். சேதாரம் 8 சதவீதம். அதாவது செய்யுறப்ப ராவுனது, வெட்டுனது, பொடியாப் போனதுன்னு கணக்கு வச்சு 4.020 கிராமுக்கு நம்மகிட்ட 4.3416 கிராம் விலை வாங்குவாங்க. அது 24,096. அதுக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 723. ஹால்மார்க்குக்கு ஒரு நகைக்கு 45 ரூபா, அதுக்குத் தனி வரி, சேத்து 53. மொத்தம் 24,872. இதுல நீங்க பேசிக் குறைக்க முடியுறது சேதாரம் ஒண்ணுதான், மத்தது எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான். உண்மைய சொல்லணும்னா இப்பல்லாம் மெஷின்லதான் செயின் வருது, அவ்ளோ தங்கம் வீணாப் போறதில்ல, சேதாரம்ங்குறது பேருதான், அதுக்குள்ள கூலியும் கடையோட லாபமும் சேந்துதான் இருக்கு. சில கடைல செய்கூலின்னு தனியாவும் போடுவாங்க, அதனால "சேதாரம் எவ்ளோ"ன்னு மட்டும் கேக்காதீங்க, "எல்லாம் சேத்து கடைசில எவ்ளோ"ன்னு கேளுங்க.

தங்கச்சி எடுத்தது கயிறு செயின்னு சொன்னாங்களே? அது நல்லா மொத்தமா எடுப்பா இருக்குமே, ஏன் விட்டீங்க?

இதுதான் கதையே. தெற்காவணி மூல வீதில மூணாவது கடை. தட்டுல அந்தக் கயிறு செயின் கிடந்துச்சு, முறுக்கிவிட்ட மாதிரி, லைட்டுல அப்படி மின்னுது. தங்கச்சி அத கழுத்துல வச்சுட்டு கண்ணாடிய விட்டு நகரவே இல்ல. எடை வெறும் 4.080 கிராம், ஆனா பாக்க ஒரு பவுனுக்கு மேல இருக்குறாப்ல தெரியுது, 20 இஞ்ச் நீளம் வேற. நான் எடுத்து வச்சிருந்தது கோதுமை செயின், 18 இஞ்ச், ஒல்லியா, யாரு கண்ணுலயும் படாத மாதிரி. அவ அத பாத்துட்டு "இது பெரியம்மா போடுறது"ன்னா.

எனக்கு ஒண்ணு மட்டும் இடிச்சுச்சு. ரெண்டும் நாலு கிராம்தான், அப்ப அது எப்படி அவ்ளோ மொத்தமா, அவ்ளோ நீளமா இருக்கும்? கேட்டேன். அந்த அண்ணன் மறைக்கல, "ஹாலோ மாடல் பாப்பா, உள்ள காலி"ன்னாரு. அதாவது கம்பிக்குப் பதிலா குழாய். மெல்லிசு தகட்ட சுருட்டி அதுல வளையம் பண்ணிக் கோத்தது. தங்கத்துல குறையில்ல, அதுவும் 916தான். பிரச்சனை வேற. தூங்குறப்ப அமுங்குனா நெளியும், நெளிஞ்சத நிமித்த முடியாது. அறுந்தா அதவிட மோசம், ஒட்டுறதுக்குப் பத்த வைக்கிறப்ப தீ பட்டு அந்த மெல்லிசு தகடு ஓட்டை விழுந்துரும், நிறைய ஆசாரிங்க ஹாலோன்னாலே கைல வாங்க மாட்டாங்க. எப்பவாச்சும் கல்யாணம் காச்சிக்குப் போட்டுக் கழட்டி வைக்கிறவங்களுக்கு அது ஓகே. நாங்க டெய்லி போடத்தான் வாங்குனோம், அதுவும் ரெண்டு பேரு மாத்தி மாத்தி.

நீங்க கடைல கண்டுபிடிக்கணும்னா ரொம்ப சிம்பிள், அதே எடையில ரெண்டு செயின பக்கத்துல வைங்க, ஒண்ணு மட்டும் ரொம்ப மொத்தமா இருந்தா சந்தேகப்படுங்க. ஹாலோவா சாலிடான்னு வாய்விட்டுக் கேளுங்க. பாம்பு செயினும் யாராச்சும் கேப்பாங்க, அது வேற கதை, அது ஒரு தடவ மடங்குனா அந்த மடிப்பு போகாது.

சேதாரத்தக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தா அந்தக் கயிறு செயினே வந்திருக்குமே?

கேட்டோம், கேக்காம விடுவாளா அவ. கயிறு செயினுக்கு சேதாரம் 14 சதவீதம் சொன்னாங்க. மேல சொன்ன மாதிரியே கணக்குப் போட்டா 26,641, எங்க கைல 25,150. தங்கச்சி "அண்ணே அண்ணே"ன்னு கெஞ்சி, அவரு உள்ள போயி முதலாளிகிட்ட பேசி, 10 சதவீதத்துக்கு இறங்குனாரு. அப்பவும் 25,709. 559 ரூபா இடிக்குது.

அம்மா கூடத்தான் வந்திருந்தாங்க. முந்தானை முடிச்சுக்குக் கை போனத நான் பாத்தேன், தங்கச்சியும் பாத்தா. அவதான் "வேணாம்மா"ன்னா. யோசிச்சோ கோவத்துலயோ தெரியாது, கயிறு செயின கழட்டி தட்டுல வச்சுட்டு, "இவ்ளோ பேசி வாங்கி அது நெளிஞ்சா அப்புறம் நீ என்னய பேசியே கொன்னுருவ, உன் பெரியம்மா செயினையே எடு"ன்னுட்டு வெளிய பாத்துட்டு உக்காந்துட்டா. கோதுமை செயினுக்கு முதல்லயே 8 சதவீதம்தான் சொன்னாங்க, டிசைன் வேலை கம்மின்னா சேதாரமும் கம்மி. அதுக்கு மேல அவங்க குறைக்கல.

எடை போடுறப்ப ஏதோ சண்டைன்னு கேள்விப்பட்டேனே?

சண்டையெல்லாம் இல்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருந்தாளே, அவ கண்ணு மட்டும் தராசுலதான் இருந்துச்சு. தராசுல 4.090 காட்டுச்சு. "அண்ணே, அந்த டேக் எதுக்குத் தொங்குது"ன்னு கேட்டா. செயின் கொக்கில நூல் கட்டி சின்ன பிளாஸ்டிக் அட்டை தொங்கிட்டு இருந்துச்சு, அத கழட்டாமயே வச்சுட்டாரு. கழட்டி, தட்டு காலியா இருக்குறப்ப 0.000 வருதான்னு பாத்துட்டு திரும்ப வச்சாரு, 4.020.

வேணும்னு செஞ்சாருன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த டேக்குலயே 4.020னுதான் அச்சடிச்சிருந்துச்சு, பில்லுல எப்படியும் அதத்தான் போட்டிருப்பாங்கன்னு அவரும் சொன்னாரு. இருக்கலாம். ஆனா அந்த 70 மில்லிகிராமுக்கு சேதாரம், வரி எல்லாம் சேத்தா 432 ரூபா. அவளோட 20 ரூபா கணக்குல 21 நாளுக்கு மேல. கல்லு வச்ச நகைன்னா இன்னும் ஜாக்கிரதையா இருங்க, கல்லோட எடையக் கழிச்ச நெட் வெயிட் பில்லுல தனியா இருக்கணும்.

கேடிஎம் நகைதானே வாங்குனீங்க? 916-ஆ? ரெண்டும் ஒண்ணா?

எங்க பாட்டி கேள்வி இது. ஒண்ணு இல்ல. கேடிஎம்ங்குறது காட்மியம் கலந்து பத்த வைக்கிற முறை. அதுக்கு முன்னாடி பத்து வைக்க செம்பு அதிகமாக் கலந்த பொடி போடுவாங்க, அதனால நகைய உருக்குனா தரம் இறங்கிரும். காட்மியம் சூட்டுல ஆவியாப் போயிரும், தரம் அவ்ளோ இறங்காது, அதான் அப்ப "கேடிஎம்"னா சுத்தம்னு பேராச்சு. ஆனா அந்தப் புகை வேலை செய்யுறவங்க நுரையீரலைப் பாதிக்குதுன்னு அத விட்டுட்டாங்க, இப்ப துத்தநாகம் மாதிரி வேற கலக்குறாங்க. கேடிஎம்ங்குறது தரத்துக்கான முத்திரை கிடையவே கிடையாது.

916ங்குறது தரம். நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், அதுதான் 22 கேரட். 750-ன்னு இருந்தா 18 கேரட், அதுக்கு 22 கேரட் ரேட்டு குடுத்துறாதீங்க. பாட்டிக்கு இதெல்லாம் சொன்னதுக்கப்புறமும் "ஓ, கேடிஎம் 916-ஆ"ன்னுதான் கேக்குது.

ஹால்மார்க் இருக்குன்னு அவங்க சொல்றாங்க, நமக்கு எப்படித் தெரியும்?

செயின்ல கொக்கிக்குப் பக்கத்துல பொடிசா மூணு விஷயம் அடிச்சிருக்கும்: பிஐஎஸ் முக்கோண முத்திரை, 22K916, அப்புறம் எழுத்தும் நம்பரும் கலந்த ஆறு இலக்கம், அதுக்குப் பேரு HUID. வெறுங்கண்ணுல தெரியாது, லென்ஸ் கேளுங்க, குடுப்பாங்க. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து ஹால்மார்க் நகைன்னா இந்த ஆறு இலக்கம் இருந்தாத்தான் கடைல விக்கலாம். 2 கிராமுக்குக் கம்மியான பொடி நகைக்குக் கட்டாயமில்ல.

தங்கச்சி அங்கயே போன்ல BIS CARE ஆப்பத் திறந்து Verify HUID-ல அந்த ஆறையும் அடிச்சா. முதல் தடவ ஒண்ணும் வரல, நெஞ்சு திக்குன்னுச்சு, அப்புறம் பாத்தா B-ய 8-னு அடிச்சிருக்கா. திருப்பி அடிச்சா வந்துச்சு. அதுல தரம் மட்டும் பாக்காதீங்க, என்ன நகைங்குறதையும் பாருங்க. கைல செயின் இருக்க ஆப்ல மோதிரம்னு வந்தா அந்த நம்பர் வேற நகையோடது, வாங்காதீங்க. பின்னாடி தரம் கம்மின்னு டெஸ்ட்ல நிரூபணம் ஆனா, குறைஞ்ச தரத்துக்கான தொகை மாதிரி ரெண்டு மடங்கும் டெஸ்ட் செலவும் கடைக்காரர் தரணும்னு விதி இருக்கு. அதுக்கு பில்லு வேணும்.

நகைச்சீட்டு போட்டிருந்தா சேதாரம் மிச்சமாயிருக்குமே?

ஆயிருக்கலாம். 11 மாசம் கட்டுனா ஒரு அளவு வரைக்கும் சேதாரம் தள்ளுபடி பண்ற கடைங்க இருக்கு. ஆனா மாசாமாசம் ஒரே தொகை கட்டணும். எங்களுக்கு மே மாசம் லீவு, லீவுன்னா வருமானம் பூஜ்யம். அதோட அந்தக் கடைலயேதான் வாங்கணும், அங்க கோதுமை செயின் நல்லா இல்லைன்னா? காயினா வாங்கியிருக்கலாம்லனு கேக்குறவங்களுக்கும் சொல்லிடுறேன், காயின கழுத்துல போட முடியாது.

செயின் அறுந்துபோச்சாமே? சாலிட்னு பெருமை பேசுனியே?

ஆமா, ஒன்றரை வருஷத்துல. சுடிதார் கழட்டுறப்ப துப்பட்டா நூல்ல கொக்கி மாட்டி, கொக்கியோட சேர்ற கடைசி வளையம் வாயப் பொளந்துருச்சு. செயின் உடம்பு அறுகல, பெரும்பாலும் இந்த வளையம்தான் முதல்ல போகும், கொக்கி உரசி உரசி அது தேயும். மாசம் ஒருக்கா வெளிச்சத்துல பாருங்க, வளையத்துல ஒரு பக்கம் மெல்லிசாத் தெரிஞ்சா அறுறதுக்கு முன்னாடியே மாத்திருங்க.

பக்கத்துத் தெரு ஆசாரிகிட்ட குடுத்தோம், 150 ரூபா. ரெண்டே ரெண்டு விஷயம் பாத்துக்கிட்டோம். குடுக்குறப்பயும் வாங்குறப்பயும் எடை போட்டோம், நம்பர் அடிச்ச இடத்துல ராவ வேணாம்னு சொன்னோம், அழிஞ்சா ஆப்ல பாக்க முடியாதுல்ல. அவரு "பாலிஷ் போட்டுத் தரவா, புதுசு மாதிரி ஆயிரும்"னாரு. வேணாம்னுட்டோம், ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் தங்கம் போகும். இப்ப எடை 4.010.

இப்ப வித்தா எவ்ளோ வரும்?

விக்கிற ஐடியா இல்ல, ஆனா கணக்கு சொல்றேன். வாங்குன மறுநாளே வித்திருந்தா 4.020 கிராமுக்கு 5,550 வச்சு 22,311, அதுவும் கடைக்காரர் எதுவும் கழிக்கலைன்னா. அதாவது ராத்திரி தூங்கி எந்திரிச்சதும் 2,561 ரூபா காலி, சேதாரமும் வரியும் திரும்பி வராது. கயிறு செயினா இருந்தா இந்த நஷ்டம் இன்னும் ஜாஸ்தி. கிராம் 10,000-னு வச்சா இப்ப இருக்குற எடைக்கு 40,100 வரும், அது விலை ஏறுனதால வந்த லாபம், நாங்க ஒண்ணும் பெரிய புத்திசாலித்தனம் பண்ணிடல.

அவ கம்மியாதானே போட்டா? அப்ப செயின் யாருக்கு?

ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு. ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சதும் கை மாறும். அவளுக்கு முக்கியமான நாள் என் வாரத்துல வந்தா எனக்கு ஒரு பிரியாணி. 18 இஞ்ச் எனக்கு கழுத்தெலும்புக்குக் கீழ வரும், அவளுக்கு இன்னும் மேல ஒட்டுனாப்ல நிக்கும், உண்மையில அவளுக்குத்தான் நல்லா இருக்கு, இத அவகிட்ட சொல்லிராதீங்க.

பங்கு கணக்க அன்னைக்கே எழுதிட்டோம். மிச்சம் 278 ரூபா இருந்துச்சு, கடைய விட்டு வெளிய வந்து மூணு பேரும் ஜிகர்தண்டா குடிச்சோம், அங்க உக்காந்து பில்லுக்குப் பின்னாடி தங்கச்சி எழுதுனா: அக்கா 2.54 கிராம், நான் 1.48 கிராம். அவங்கவங்க போட்ட காசுக்கு ஏத்த மாதிரி. அதுக்குக் கீழயே இன்னொரு வரி, "டேக் கண்டுபிடிச்சது நான், 432 ரூபா என் கணக்குல சேக்கணும்". நான் ஒத்துக்கல, இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. பில்லு அந்தத் தெர்மல் பேப்பர்ங்க, ரெண்டு வருஷத்துல முன்பக்கம் எடை, விலை எல்லாம் வெளுத்துப் போச்சு, நல்லவேளை மறுநாளே ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தேன், நீங்களும் எடுத்துருங்க. பின்னாடி அவ பால் பாயிண்ட்ல எழுதுனது மட்டும் அப்படியே இருக்கு.